பூசாமல் விடுவதென்றால்தான் மண்கல்: ஒரு 20 அடிச் சுவரின் கணக்கு

வீட்டோடு ஓர் அறை இறக்க நினைக்கிற ஆட்கள் இப்போது கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்வி, சீமெந்துக்கல்லா மண்கல்லா என்பது. மண்கல் என்று நான் சொல்வது பச்சை மண்ணில் அறுத்ததையோ சூளையில் சுட்டதையோ அல்ல. அரித்த செம்மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து, இயந்திரத்தில் வைத்து அமுக்கி, நனைத்துப் பதப்படுத்தி எடுக்கிற கல். போர் முடிந்த பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நான் என் அறைக்கு மண்கல்லைத்தான் எடுத்தேன், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறை குளிர்ச்சி, பார்க்க அழகு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடலாம். சீமெந்துக்கல் பெரிசு, மேசன் சீக்கிரம் வைத்து முடிப்பார், எந்தச் சந்தியிலும் வாங்கலாம். அது உண்மை. நான் பார்த்தது வேறு: ஒரே சுவருக்கு மொத்தம் எத்தனை பை சீமெந்து போகிறது, அது எந்த இடத்தில் போகிறது.

20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுங்கள். 3க்கு 7 அடிக் கதவு ஒன்று, 4க்கு 4 அடி யன்னல் ஒன்று. 200 சதுர அடியில் இந்த 37ஐக் கழித்தால் 163 சதுர அடி, அதாவது 15 சதுர மீற்றரும் சொச்சமும்.

மண்கல் பல அளவில் வருகிறது. நான் எடுத்துக்கொள்வது 290 மில்லிமீற்றர் நீளம், 140 அகலம், 90 உயரம் உள்ள கல். 10 மில்லிமீற்றர் சாந்து இடைவெளியோடு ஒரு கல்லின் முகம் 300க்கு 100 ஆகிறது, ஒரு சதுர மீற்றருக்கு 33 கல்லும் கொஞ்சமும். 15.14ஆல் பெருக்கினால் 505 கல். உடைவுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 530. இதே சுவருக்கு 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குல அகலச் சீமெந்துக்கல் என்றால் உடைவோடு 200 போதும். கல்லின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மண்கல் ஒன்று காய்ந்த பிறகு ஏழு கிலோவுக்குக் கிட்டத்தான் இருக்கும்.

இனிச் சீமெந்தின் அளவு. நூற்றுக்கு ஐந்து போதும் என்பார்கள், பத்துப் போடு என்பார்கள். இரண்டையும் மண்ணைப் பார்க்காமல் சொல்கிறார்கள். மண் எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். 60 சென்ரிமீற்றர் நீளம், 4க்கு 4 சென்ரிமீற்றர் வாய் உள்ள மரப்பெட்டி ஒன்று அடியுங்கள். உள்ளே எண்ணெய் தடவி, நீங்கள் பாவிக்கப்போகிற மண்ணை ஈரமாக்கி நிறைத்து, சில நாட்கள் காயவிடுங்கள். காய்ந்த மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு மறுபக்கத்து இடைவெளியை அளக்க வேண்டும். கையால் அமுக்கும் இயந்திரத்துக்குப் பழக்கத்தில் உள்ள அளவு இது: 15 மில்லிமீற்றருக்குள் சுருங்கினால் ஒரு பங்கு சீமெந்துக்கு 18 பங்கு மண், 15 முதல் 30 என்றால் 16, 30 முதல் 45 என்றால் 14, 45 முதல் 60 என்றால் 12. அதற்கும் மேலே சுருங்கினால் களி கூடின மண். மணல் கலந்து திரும்பச் சோதிக்கலாம், அல்லது வேறு இடத்து மண்ணைப் பார்க்கலாம். வயல் மண், குளத்தடிக் கறுப்பு மண் பக்கம் போகவே வேண்டாம். மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டு அதன் கீழே இருக்கிற செம்மண்தான் இதற்கு.

இங்கேதான் பலர் குழம்புவது. மேலே சொன்ன பங்கு பெட்டியளவு, நூற்றுவீதம் நிறையளவு. உதிரி மண் சீமெந்தைவிடப் பாரம் குறைவு, அதனால் ஒன்றுக்குப் பதினாலு என்பது பெட்டியில் ஏழு வீதம் போலத் தெரிந்தாலும் நிறையில் எட்டு வீதத்துக்குக் கிட்ட வரும். ஒன்றுக்குப் பதினாறு ஏழு வீதம். 12 அங்குலச் சதுரமும் 15 அங்குல உயரமும் உள்ள பெட்டி ஒன்று செய்தால் அதில் ஒரு பை சீமெந்து சரியாக அடங்கும், அதே பெட்டியால் மண்ணையும் அளந்து கொட்டலாம்.

என் கணக்கை எட்டு வீதத்தில் வைக்கிறேன். ஒரு பைக்கு 14 பெட்டி மண், அதில் ஏறக்குறைய 100 கல் வரும். 530 கல்லுக்கு ஐந்தரைப் பை, மண் அரித்த பின் ஒரு கியூப்புக்குச் சற்றுக் குறைய. கல் அறுக்கிறவரிடம் விலைக்கு வாங்குவதென்றாலும் இந்த எண் உதவும். எட்டு வீதம் என்று சொல்லிவிட்டு ஒரு பைக்கு 150 கல் எடுக்கிறார் என்றால் அது ஐந்து வீதம்தான்.

சாந்து. 10 மில்லிமீற்றர் இடைவெளிக்கு இந்தச் சுவரில் போவது 0.28 கன மீற்றர், சிந்துவதோடு 0.33 என்று வையுங்கள். மண்கல்லுக்குத் தனிச் சீமெந்துச் சாந்தைவிட, ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு அதே அரித்த மண், ஆறு பங்கு மணல் என்று கலந்தது நல்லது, கரண்டியில் வழுக்கிக்கொண்டு போகும், கல்லோடும் ஒட்டும். அதற்கு ஒன்றரைப் பைக்குச் சற்றுக் குறையச் சீமெந்து, பத்துக் கன அடி மணல், மூன்றரைக் கன அடி மண். கல்லை வைக்க முன்னம் தண்ணீரில் நனைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் ஈரத்தைக் கல் குடித்துவிட, சாந்து தூளாகிப் போகும்.

ஆக மண்கல் சுவருக்கு மொத்தம் ஏழு பை.

சீமெந்துக்கல்லைப் பார்ப்போம். துளையில்லாத 6 அங்குலக் கல்லை ஒன்றுக்குப் பத்தாக நேர்மையாக அறுத்தால் ஒரு பைக்கு 27 கல் அளவில்தான் வரும், 200 கல்லுக்குள் ஏழரைப் பை சீமெந்து ஒளிந்திருக்கிறது. கல்லின் விலையோடு அது உங்கள் கையிலிருந்துதான் போகிறது. கட்டுச் சாந்துக்கு ஒன்றேகால் பை. பிறகு பூச்சு. இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட, ஒன்றுக்கு ஐந்தாகப் பூசினால் கிட்டத்தட்ட மூன்று பை சீமெந்தும் 17 கன அடி மணலும். எல்லாம் கூட்டினால் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு பை.

ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே ஐந்து பை வித்தியாசம். அதில் மூன்று பை பூச்சு மட்டுமே, கல்லில் மிச்சம் இரண்டு பைதான். மண்கல்லில் கட்டிவிட்டு அதன்மேல் இரண்டு பக்கமும் பூசினால் கணக்கு பத்துப் பைக்கு ஏறிவிடும். 530 கல்லை அறுத்து, நனைத்து, அடுக்கிய கூலியைப் பார்த்தால் அந்த இரண்டு பை மிச்சம் எங்கே போனதென்றே தெரியாது. மணல் விலை ஏறுகிற காலத்தில் பூச்சு மணல் வேறு. அதனால்தான் சொல்கிறேன், பூசுவதற்கென்றால் சீமெந்துக்கல்லை வாங்கிக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மண்கல்லுக்கு அர்த்தம் வருவது அதைப் பூசாமல் விடுகிறபோதுதான்.

பூசாமல் விடுவதென்றால் மேசன் மாற வேண்டும், அல்லது மேசனின் கை மாற வேண்டும். எங்கள் பக்கத்து மேசன்மார் நல்ல வேலைக்காரர், ஆனால் பூச்சை நம்பிக் கட்டிப் பழகினவர்கள். எனக்குக் கட்டினவர் இரண்டாவது வரியிலேயே சொன்னார்: "அண்ணை, ஏன் இவ்வளவு மினக்கெடுறியள், பூசினா எல்லாம் மறைஞ்சிடும்." மறைக்கப் பூச்சு இல்லை என்று விளங்கப்படுத்தின பிறகுதான் நூல் கட்டுவது ஒழுங்காக நடந்தது. 10 மில்லிமீற்றருக்குச் சட்டம் ஒன்று சீவி, ஒவ்வொரு வரிக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி 20 ஆகிவிட்டால் சுவர் பார்க்க அவலட்சணம் என்பது ஒரு பக்கம், சாந்து 80 வீதம் கூடி, ஒன்றரைப் பை போக வேண்டிய இடத்தில் இரண்டரைப் பை போகும். சாந்து இறுக முதல் இடைவெளியைக் கம்பியால் வழித்து அழுத்தி விடுவதும் அன்றைக்கே முடிய வேண்டும்.

மற்றது மாரி மழை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கிற மழை பூசாத சுவரைத்தான் நேரே பிடிக்கும். சுவரின் கீழ் நாலைந்து வரிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்: தாழ்வாரத்தால் விழுகிற தண்ணீர் தெறித்து, கல்லின் விளிம்பு மழுங்கி, பிறகு முகம் மணல் மணலாக உதிரும். அத்திவாரத்தைக் கருங்கல்லில் நிலத்துக்கு மேலே ஒன்றரை அடியாவது எழுப்பி, மேலே ஈரம் ஏறாத டிபிசி போட்டு, கூரையை இரண்டு அடி வெளியே இழுத்தால் பெரும்பாலும் தப்பும். இதைச் செய்ய வசதியில்லாத இடத்தில், வெள்ளம் நாள்கணக்கில் நிற்கிற காணியில், கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் எல்லாம் நான் மண்கல்லுக்குப் பரிந்து பேசமாட்டேன். என் சுவர் சில மாரிதான் கண்டிருக்கிறது, இருபது வருசத்துக் கதையை அதை வைத்துச் சொல்ல முடியாது. மேல்மாடி போடுகிற எண்ணம் இருந்தால் பொறியியலாளர் ஒருவரிடம் கேளுங்கள்.

வாங்கப் போகும்போது கல்லை எப்படிச் சோதிப்பது? காய்ந்த கல் எல்லாமே கெட்டியாகத்தான் தெரியும். ஒன்றை எடுத்து ஓர் இரவு தண்ணீரில் தாழ்த்து வையுங்கள். காலையில் எடுத்து ஆணியால் கீறினால் கோடு மட்டும் விழ வேண்டும், ஆணி உள்ளே இறங்கக் கூடாது, மூலையைப் பெருவிரலால் அழுத்தினால் உதிரக் கூடாது. உதிர்ந்தால் சீமெந்து குறைவு, அல்லது நனைக்கவில்லை. இரண்டாவதுதான் இங்கே அதிகம். அமுக்கியெடுத்த கல்லை முதல் இரண்டு கிழமையாவது சாக்கோ பொலித்தீனோ மூடி ஈரம் போகாமல் வைத்திருக்க வேண்டும், நாலு கிழமைக்குப் பிறகுதான் சுவருக்கு ஏற்ற வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கிணறு அடிக்குப் போன நேரத்தில் யார் அதற்குத் தண்ணீர் இறைப்பது? எட்டு வீதம் போட்டும் ஐந்து வீதக் கல்லாகப் போவது அப்படித்தான்.

ஈரம் சேர்த்த கலவையை அரை மணி, முக்கால் மணிக்குள் அமுக்கி முடிக்க வேண்டும் என்பதையும் அறுக்கிற இடத்தில் நின்று பாருங்கள். கலவையைக் கையில் உருட்டி இடுப்பளவிலிருந்து நிலத்தில் விட்டால் நாலைந்து கட்டியாக உடைய வேண்டும், தூளாகச் சிதறினால் ஈரம் போதாது, உருண்டையாகவே கிடந்தால் கூடிவிட்டது. காலையில் ஒரு பெரிய குவியலாகக் குழைத்து வைத்துவிட்டு மத்தியானம் வரைக்கும் அதிலிருந்தே அமுக்குகிறார்கள் என்றால், அந்தக் கல்லை விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள்.