பாதி விலைக்கு வந்த குரோ லைட்டும் அதன் பாழாய்ப்போன டைமரும்

வீட்டுக்குள் செடி வளர்க்க நான் வாங்கிய, வளையும் நான்கு கைகள் கொண்ட குரோ லைட்டின் விலை இந்த வாரம் பாதியாக இறங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் தேவகோட்டையில் இருக்கும் சின்னம்மா மகள், "அண்ணே, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். நேற்றுக் கேட்டிருக்கக் கூடாதா? நேற்றுக் காலை வரை என் பதில் வேறாக இருந்திருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் மாலையில் வந்தது. மின்விசிறி சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது. இந்த விளக்கு மட்டும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு வந்தது இரண்டாம் கட்டில் ஓர் இரட்டை அறை. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வெயில் கொட்டிக் கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வளவு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அங்கே ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்றால் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று மூன்று ஊர்களுக்குப் போன் போட வேண்டும். உள்ளறையிலோ தடித்த சுவரும் ஒரு சிறு சன்னலும்தான். நடுப்பகலிலும், ஒளியை அளக்கும் செல்போனின் லக்ஸ் அளவி அங்கே நூறைத் தாண்டாது. அதே நேரத்தில் வளவின் நடுவே வெயிலில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் காட்டும். அந்த இருட்டறையில் புதினாவும் ஓமவல்லியும் கொத்துக் கொத்தாக வளர்ந்து, சட்னிக்குக் கிள்ளும் அளவுக்கு வந்திருக்கின்றன என்றால் அது இந்த விளக்கின் உபயம். இதை மறுத்தால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

பெட்டியில் நாற்பது வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இது யுஎஸ்பி சார்ஜரில் ஓடும் விளக்கு. ஐந்து வோல்ட், இரண்டு ஆம்பியர் சார்ஜரால் பத்து வாட்டுக்கு மேல் கொடுக்கவே முடியாது. மீட்டர் வைத்துப் பார்த்ததில், சிவப்பு-நீலமும் வெள்ளையும் சேர்ந்து எரியும்போது ஒன்பது வாட் இழுத்தது. வெள்ளை மட்டும் எரிந்தால் ஐந்துக்குப் பக்கத்தில். அது குறையில்லை. பன்னிரண்டு மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு மூன்று யூனிட் சொச்சம்தான் ஆகிறது. ஆனால் வாட் இவ்வளவு குறைவு என்பதால், எவ்வளவு தூரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான்கு கைகளையும் ஒரே தொட்டியின் மேல் திருப்பி, வெள்ளை ஒளியில் அளந்து பார்த்தேன். அரைச் சாண் உயரத்தில் எட்டாயிரத்து ஐந்நூறு லக்ஸ் வந்தது. ஒரு சாண் உயர்த்தியதும் இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டு சாணில் அறுநூறுதான். தூரம் இரட்டிப்பானால் ஒளி ஏறக்குறைய கால் பங்காகிவிடுகிறது. "சரி, தள்ளி வைத்துவிட்டு அதிக நேரம் எரிய விடுகிறேன்" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அரைச் சாணில் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும் ஒளி ஒரு சாணில் கிடைக்க வேண்டுமானால், ஒரு நாளைக்கு நாற்பது மணி நேரம் எரிய வேண்டும். அப்படிப்பட்ட நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. மணிபிளான்ட் மாதிரி நிழலிலும் பிழைக்கிற செடிக்கு ஒரு சாண் போதும். புதினாவுக்கு அரைச் சாண்தான். அது வளர வளர வாரம் ஒருமுறை கையை உயர்த்திவிட வேண்டும். இலையின் உச்சி வெளிறி மேல்நோக்கிச் சுருண்டால் விளக்கு மிக நெருங்கிவிட்டது என்று பொருள். இந்த விளக்கில் அந்த அளவுக்குப் போனதில்லை.

ஒளியின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. ஊதா நிறம்தான் செடிக்கு உகந்தது என்று விற்கிறார்கள். சிவப்பையும் நீலத்தையும் இலை நன்றாகப் பயன்படுத்துகிறது என்பது சரி. ஆனால் வெள்ளை எல்ஈடியில் அந்த இரண்டும் இருக்கின்றன, கூடவே பச்சையும் இருக்கிறது, அதையும் இலை வீணாக்குவதில்லை. ஊதா ஒளியில் என் பிரச்சினை வேறு. அதன் அடியில் பச்சை இலை கறுப்பாகத் தெரிகிறது. இலை மஞ்சளாகிறதா, அடியில் பூச்சி ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சன்னல் வழியே அந்த ஊதா தெருவுக்குக் கசிந்து, "உள்ளே என்ன தொழில் நடக்கிறது?" என்று எதிர்வீட்டு ஆச்சி விசாரித்ததோடு அதை நிறுத்திவிட்டு வெள்ளைக்கு மாறிவிட்டேன். லக்ஸ் கணக்கும் வெள்ளை ஒளிக்குத்தான் பொருந்தும். சிவப்பையும் நீலத்தையும் லக்ஸ் அளவி குறைத்தே காட்டும்.

இப்போது டைமருக்கு வருகிறேன்.

வயரின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதில் மூன்று, ஒன்பது, பன்னிரண்டு மணி நேரம் என்று மூன்று தேர்வுகள். காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டை அழுத்தினால் மாலை ஆறுக்கு அணையும், மறுநாள் காலை ஆறுக்குத் தானே எரியும். பன்னிரண்டு மணி நேரமே எல்லாவற்றுக்கும் போதும். இருட்டும் செடிக்கு வேண்டும். கொத்தமல்லிக்குப் பதினாறு மணி நேரம் கொடுத்தால், பகல் நீண்டுவிட்டது என்று எண்ணிச் சீக்கிரமே தண்டு விட்டுப் பூத்துவிடும். ஆக, தேர்வுகளில் குறையில்லை. குறை, அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தியே இல்லை என்பதில்.

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் எல்லாம் அழிந்துவிடும். திரும்ப எரியாது. யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டும். சரி, அழுத்துவோம். ஆனால் அதற்கு மணி எத்தனை என்று தெரியாதே! அழுத்திய நேரம்தான் அதற்கு விடியற்காலை. நேற்று மாலை ஐந்தரைக்கு அழுத்தினேன் என்றால், இனி ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரைக்கு எரிந்து விடியும்போதுதான் அணையும். அந்த அறையில் படுப்பது எங்கள் அப்பத்தா. "திருவிழாக் கடையில் படுத்திருக்கிறேனா நான்?" என்று இரவு பதினோரு மணிக்குக் கேட்பார்கள். நேரத்தைச் சரிசெய்ய ஒரே வழி, மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து அணைத்து மீண்டும் அழுத்துவதுதான். விளக்குக்கு நான் டைமரா, எனக்கு அது டைமரா?

வெளியே தனியாக ஒரு டைமர் வாங்கி மாட்டலாமே என்பார்கள். அதுதான் முடியாது. இந்த விளக்கில் இருப்பது சாதாரணச் சுவிட்ச் இல்லை, தொட்டால் இயங்கும் மின்னணு பட்டன். மின்சாரம் கிடைத்ததும் அது அணைந்த நிலையில்தான் விழித்துக்கொள்ளும். வெளி டைமர் காலை ஆறு மணிக்கு ஒழுங்காக மின்சாரத்தை அனுப்பும். விளக்கு அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுப் பார்த்தேன். மாறும் அந்தக் கணத்தைச் சில நேரம் தாண்டுகிறது, சில நேரம் தாண்டுவதில்லை. எது நடந்தது என்று நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

ஊரில் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்பதைப் புதினாத் தண்டு எழுதி வைத்திருக்கும். ஒன்றை ஒடித்துச் சன்னல் அருகே பிடித்துப் பார்த்தேன். அடியில் இலை ஜோடிகள் விரற்கடை இடைவெளியில் நெருக்கமாக இருந்தன. நடுவில் திடீரென்று இரண்டு கணுக்கள் விரல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு, தண்டு வெளிறி, கதவிடுக்கு வெளிச்சத்தை நோக்கி வளைந்திருந்தன. அதற்கு மேல் மீண்டும் நெருக்கம். அந்த இழுபட்ட பகுதி, நாங்கள் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மின்சாரம் போய் வந்து, விளக்கு எரியாமல் கிடந்த காலம். ஒரு முறை நீண்டுவிட்ட கணு மறுபடி குறுகாது; எவ்வளவு ஒளி கொடுத்தாலும் புதிதாக வருவதுதான் நெருக்கமாக வரும். அதனால் நீண்ட பகுதிக்குக் கீழே, நல்ல கணு ஒன்றுக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். இரண்டு பக்கமும் புதுத் துளிர் வரும்.

இன்னொரு தொட்டிக்கு நான் வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டுக்குப் போடும் ஒன்பது வாட் வெள்ளை எல்ஈடி பல்பு, ஒளியின் நிறத்தைச் சொல்லும் 6500 கெல்வின் என்ற எண் பெட்டியில் இருக்கும். ஹோல்டரில் மாட்டி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய எனாமல் விளக்குக் கூட்டுக்குள் வைத்தேன். கூட்டின் உட்புற வெள்ளை முக்கியம். அது இல்லாவிட்டால் பல்பின் ஒளியில் பெரும்பகுதி பக்கச்சுவருக்குத்தான் போகும். இதற்கு டைமர், உள்ளே சிறு பேட்டரி உள்ள டிஜிட்டல் வகை. சுற்றும் டயல் வகை மலிவுதான், ஆனால் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் அதன் மோட்டாரும் நின்றுவிடும். எட்டு மணி நேரம் மின்சாரம் நின்றால் எட்டு மணி நேரம் பின்தங்கிவிடும். பேட்டரி உள்ளதற்கு அந்தத் தொல்லை இல்லை. பல்புக்கோ மூளையே கிடையாது. மின்சாரம் வந்தால் எரியும், போனால் அணையும். நேற்று மாலை மின்சாரம் வந்தபோது அதுவும் வந்தது. அழகில்லை, வளையும் கைகள் இல்லை, மேசையின் பாதியை அடைத்துக்கொள்கிறது.

ஒளிக்கு நான்கரை மதிப்பெண் கொடுப்பேன், கைகள் வளையும் விதத்துக்கும் நான்கரை. புதினாவுக்கு ஐந்துக்கு ஐந்து. இருந்தும் தங்கச்சிக்கு என் பதில்: வாங்காதே, பாதி விலைக்கும் வேண்டாம். அடுத்த வாரம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ. வாங்கித்தான் தீருவேன் என்றால், கடையில் ஒரு காரியம் செய். விளக்கை எரியவிட்டு, பட்டனைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்கச் சொல். பத்து எண்ணிவிட்டு மறுபடி செருகச் சொல். தானாக எரிந்தால் பணத்தைக் கொடு. "லேசாகப் பட்டனைத் தொட்டால் போதும் தங்கச்சி" என்று கடைக்காரர் சொன்னால் பஸ் ஏறிவிடு.