தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கூலிங் டவர் பம்பு ஏன் கத்துகிறது? மட்டமா, வால்வா, பைப்பா: எது உண்மையில் காப்பாற்றும்

கொளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஐஸ் பிளான்ட்களில் கண்டென்சர் தண்ணீர் பம்பு கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால், எல்லோரும் முதலில் சொல்வது "தொட்டியில தண்ணி கொறைஞ்சு போச்சு, நெரப்பு". அது பாதி உண்மைதான். மட்டத்தை உயர்த்துவது, டெலிவரி வால்வை ஒடுக்குவது, சக்‌ஷன் பைப்பைப் பெரிதாக்குவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே பம்பில் வைத்துக் கணக்குப் போட்டால் பலரும் எதிர்பார்க்காத விடை வரும்.

50 டன் ஐஸ் பிளான்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமோனியா கண்டென்சருக்கு மணிக்கு 60 கன மீட்டர் தண்ணீர் சுற்ற வேண்டும். பம்பு 2900 ஆர்.பி.எம். எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு ஹெட் என்று காட்டும் அதன் வளைகோட்டில் 60 கன மீட்டரில் 22 மீட்டர் ஹெட், தேவைப்படும் என்.பி.எஸ்.ஹெச், அதாவது பம்பு வாயில் தண்ணீர் ஆவிக் குமிழியாக மாறாமல் இருக்க வேண்டிய அழுத்தம், 3.5 மீட்டர் என்று இருக்கிறது. கோபுரத்தின் தொட்டி தரைக்குள், பம்பு மேலே. சக்‌ஷன் 80 மி.மீ. பைப், 6 மீட்டர் நீளம், இரண்டு எல்போ, அடியில் ஸ்ட்ரெய்னரோடு புட் வால்வு. தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் பம்பின் மையத்திலிருந்து 1 மீட்டர் கீழே, குறையும்போது 1.6 மீட்டர் கீழே.

இந்த 60 செ.மீ. எவ்வளவு சீக்கிரம் போகும் என்று பாருங்கள். 5 டிகிரி வெப்பநிலை வித்தியாசத்தில் மணிக்குச் சுமார் 500 லிட்டர் ஆவியாகிறது. 3 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் அது மணிக்கு 8 செ.மீ. வெளியிலிருந்து தண்ணீர் வருவது நின்றால், உப்பு சேராமலிருக்கத் திறந்துவிடும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமலேயே, ஏழெட்டு மணி நேரத்தில் மட்டம் அடியில் போய் நிற்கும். வேனலில் லாரித் தண்ணீரை நம்பும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

சரி, கணக்கு. நம்முடையது கடற்கரை, அதனால் வளிமண்டல அழுத்தம் முழுசாகக் கிடைக்கிறது, 32 டிகிரித் தண்ணீரில் அது 10.4 மீட்டர். அந்த வெப்பநிலைக்கான ஆவி அழுத்தம் 0.5 மீட்டர், அதைக் கழித்தால் மீதி 9.9. இதிலிருந்து தண்ணீரைத் தூக்கும் உயரமும் சக்‌ஷன் பைப்பின் உராய்வு இழப்பும் போக மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்.பி.எஸ்.ஹெச். 60 கன மீட்டரில் புட் வால்வு, எல்போ எல்லாம் சேர்த்து இழப்பு சுமார் 2.9 மீட்டர் வரும். மட்டம் குறைந்த நிலையிலும் 9.9 − 1.6 − 2.9, அதாவது 5.4 கிடைக்கிறது, தேவை 3.5. தாராளம்!

அப்புறம் ஏன் கத்துகிறது? பம்பு 60-ல் ஓடவில்லை. வாங்கும்போது ஹெட்டைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி வாங்குவது வழக்கம், உண்மையான பைப் லைனுக்கு அவ்வளவு ஹெட் வேண்டியதில்லை, அதனால் பம்பு வளைகோட்டில் வலப்பக்கம் ஓடிப்போய் அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது. டெலிவரி கேஜும் சக்‌ஷன் வேக்குவம் கேஜும் சேர்ந்து காட்டும் மொத்த ஹெட் 18 மீட்டர், வளைகோட்டில் அதற்கு நேரே 72 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 20 சதவீதம் கூடினால் உராய்வு 44 சதவீதம் கூடும், 2.9 மீட்டர் 4.2 ஆகிவிடும். கிடைப்பது 4.1, அதே நேரம் தேவையும் 4.5 ஆக ஏறிவிட்டது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

இப்போது மூன்று வழிகளையும் இந்த 72-க்கு எதிரே நிறுத்துங்கள்.

தொட்டியை நிரப்பினால் 0.6 மீட்டர் கூடுகிறது, கிடைப்பது 4.7. தேவை 4.5. வெறும் 0.2 மீட்டர் மிச்சம் என்பது பாதுகாப்பே இல்லை. கம்பெனி தரும் 'தேவைப்படும்' எண் என்பது ஹெட் ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்துவிட்ட புள்ளி, அதற்கு முன்பே குமிழிகள் உடைய ஆரம்பித்துவிடும். குறைந்தது 1 மீட்டராவது உபரி இல்லாமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஸ்ட்ரெய்னரில் பாசி கொஞ்சம் பிடித்தாலே அந்த 0.2 காணாமல் போய்விடும்.

டெலிவரி வால்வை ஒடுக்கி 60-க்குக் கொண்டுவந்தால், மட்டம் குறைந்தே இருந்தாலும் உபரி 1.9 மீட்டர். செலவு இல்லை, இன்றைக்கே செய்யலாம், இந்த வகைப் பம்பில் மோட்டார் ஆம்பியரும் கொஞ்சம் இறங்கும். ஒடுக்குவது டெலிவரி வால்வைத்தான். சக்‌ஷன் வால்வில் கை வைத்தால் உராய்வு கூடி நிலைமை இன்னும் மோசமாகும்.

சக்‌ஷனை 100 மி.மீ. ஆக்கினால் இழப்பு 4.2-லிருந்து 1.3 மீட்டருக்கு இறங்குகிறது. 72-ல் ஓடினாலும் கிடைப்பது 7.0, உபரி 2.5. தொட்டியை நிரப்பிக் கிடைத்த 0.6-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பம்பு வாயில் கட்டாயம் எக்சென்ட்ரிக் ரிடியூசர்தான், தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே காற்று தங்கும்.

பம்பைக் குழியில் இறக்குவதையும் சிலர் சொல்வார்கள். இரண்டு பருவமழையும் வாங்கும் நம் மாவட்டத்தில் மோட்டாரைக் குழிக்குள் வைக்க எனக்கு மனசில்லை. 1450 ஆர்.பி.எம். பம்பு நல்லதுதான், ஆனால் பேஸ் முதல் எல்லாம் மாற வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் தண்ணீர் மட்டத்தை அலட்சியப்படுத்த முடியாது, அதன் வேலை வேறு. மட்டம் குறைந்தால் புட் வால்வுக்கு மேலே நிற்பது 45 செ.மீ. தண்ணீர்தான். 80 மி.மீ. வாய், 72 கன மீட்டர் என்றால் சுழல் விழுந்து காற்றை இழுக்காமல் இருக்க, ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் சூத்திரப்படி சுமார் 94 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். அது வெறும் பைப் வாய்க்கான கணக்கு, ஸ்ட்ரெய்னர் கூடை சுழலைக் கொஞ்சம் உடைக்கும், ஆனாலும் பாதிக்கும் குறைவு என்பது ஆபத்து. தொட்டி நிறைந்திருந்தால் 105 செ.மீ., பிரச்சினை தீர்ந்தது. வால்வை ஒடுக்கினாலும் 79 வேண்டும், அதனால் ஒடுக்குவது மட்டும் இதற்குப் போதாது. 100 மி.மீ. பைப்பின் அடியில் 150 மி.மீ. புட் வால்வு போட்டு, 60-லும் ஓட்டினால் தேவை 42 செ.மீ. ஆகிறது, 45-க்குள் நூலிழையில் அடங்கும்.

எந்த நோய் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அழுத்தம் போதாமல் குமிழிகள் உருவாகி உடையும் கேவிட்டேஷன் என்றால் இம்பெல்லருக்குள் ஜல்லி உருளுவது போல இடைவிடாத சத்தம், வால்வை ஒடுக்க ஒடுக்கக் குறையும். காற்று என்றால் டெலிவரி கேஜ் முள் குதிக்கும், ஆம்பியர் ஏறி இறங்கும், தொட்டியில் குனிந்து பார்த்தால் சுழி தெரியும்.

என் தேர்வு இது. இன்றைக்கு வால்வை ஒடுக்கி 60-ல் நிறுத்துங்கள், மட்டம் 20 செ.மீ. இறங்கினாலே மணி அடிக்கிற மாதிரி ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள். பைப்பையும் புட் வால்வையும் விசைப்படகுத் தடைக்காலத்தில் மாற்றுங்கள், கொளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை ஐஸுக்கு அவ்வளவு அவசரம் இருக்காது. மாற்றிய பிறகும் ஒடுக்கிய வால்வை முழுசாகத் திறக்க வேண்டாம், சக்‌ஷன் இலகுவானதும் பம்பு இன்னும் வலப்பக்கம் ஓடி மோட்டாரைத் திணறடிக்கும்.

அதுவரைக்கும் சக்‌ஷன் கேஜை ஷிப்டுக்கு ஒரு முறை எழுதி வையுங்கள். பம்பு மையத்தின் உயரத்தில் பொருத்திய கேஜ், மட்டம் குறைந்து 72-ல் ஓடும்போது சுமார் 490 மி.மீ. பாதரச வேக்குவம் காட்டும், 60-ல் 375. வால்வையும் மட்டத்தையும் யாரும் தொடாமலே முள் 375-ஐத் தாண்டி ஏறிக்கொண்டு போனால் ஸ்ட்ரெய்னர் அடைகிறது என்று அர்த்தம், 425-க்கு வருவதற்குள் கழற்றிக் கழுவிவிடுங்கள்.