பட்டன் கைப்பேசிக்குள் ஒரு நலங்குப் பாட்டு: ffmpeg உடன் ஆறு ஆண்டுகள்

2009 முதல் 2015 வரை, மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஒரு சைபர் கஃபேயின் முகப்பில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் விளையாட்டுக்காக வந்தார்கள். பெரியவர்கள் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வேறொரு வேலைக்காக வந்தார்கள். கையில் இருக்கும் படத்தைத் தங்கள் பட்டன் கைப்பேசியில் ஓடும்படி மாற்றித் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அந்த வேலைக்கு நான் ஆறு ஆண்டுகளும் நம்பியிருந்த மென்பொருள் ffmpeg. அதில் சாளரமோ பொத்தான்களோ இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். தொடக்கத்தில் அதைத் தொந்தரவாகத்தான் நினைத்தேன். பொத்தான் அழுத்தினால் மாற்றித் தரும் மென்பொருள்களும் கடையில் இருந்தன. ஆனால் அவை தோற்கும்போது ஏன் தோற்றன என்று சொல்வதில்லை. ffmpeg காரணத்தைச் சொல்லும். அதை நிதானமாகப் படிக்க நான் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடித்தது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு தாத்தா கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு விசிடியையும், துணியில் சுற்றி வைத்திருந்த கைப்பேசியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மூத்த மகளின் கல்யாணப் படம் அது. அவருடைய மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "தம்பி, நலங்குல அவங்க பாடுறது இதுல இருக்கு. அது மட்டும் போதும்," என்றார். பாட்டு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் விசிடி பெட்டி பழுதாகி நெடுநாள் ஆகிவிட்டது.

விசிடியைக் கணினியில் திறந்தால் MPEGAV என்ற கோப்புறைக்குள் AVSEQ01.DAT என்ற பெயரில் படம் இருக்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. உள்ளே இருப்பது எம்பெக்-1 வகைப் படம்தான். நம் ஊரில் புழங்கிய, PAL தொலைக்காட்சி முறையிலான விசிடிகளில் அதன் அளவு 352க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள், அதாவது 25 தனித்தனிப் படங்கள். வட்டின் பிரிவுகளுக்குரிய கூடுதல் பைட்டுகளும் கோப்பில் கலந்திருக்கும் என்பதே அதன் விசித்திரம். ffmpeg அந்தக் கூடுதல் பைட்டுகளைத் தாண்டி, படம் தொடங்கும் குறிகளைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். அப்போது சில எச்சரிக்கை வரிகள் திரையில் ஓடும். அவற்றைக் கண்டு முதல் ஆண்டில் நான் பலமுறை வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தத் தேவையே இருந்ததில்லை.

அன்று முதல் தடங்கல் வட்டிலேயே வந்தது. கோப்பை நகலெடுக்கும்போது பாதி வழியில் படிக்க முடியவில்லை என்று கணினி நின்றுவிட்டது. மென்மையான பருத்தித் துணியால் வட்டை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால், புதிதாக ஏற்படும் கீறல் தரவு ஓடும் தடத்தின் வழியே நீண்டு அமைந்துவிடும். குறுக்கே விழும் கீறலைவிட அது வட்டைப் படிப்பதற்குப் பெரிய இடைஞ்சல். மூன்றாம் முறையில், வேறொரு கணினியின் பழைய வட்டு இயக்கி முழுக் கோப்பையும் எடுத்துக் கொடுத்தது. புதிய இயக்கி படிக்காததைப் பழையது படிப்பது எங்கள் கடையில் அடிக்கடி நடந்ததால், அந்தப் பழைய கணினியைத் தூக்கிப் போட நான் சம்மதித்ததே இல்லை.

இருவரும் சேர்ந்து படத்தைப் பார்த்து, 31 நிமிடம் 20 நொடியில் பாட்டு தொடங்குவதைக் கண்டுபிடித்தோம். அந்த இடத்திலிருந்து நான்கு நிமிடங்கள் வேண்டும். அவருடைய கைப்பேசியின் திரை 240க்கு 320 புள்ளிகள் கொண்டது. ஆகவே 320க்கு 240 அளவில், எம்பெக்-4 படமும் ஏஏசி ஒலியுமாக மாற்றி மெமரி கார்டில் ஏற்றினேன். கைப்பேசியில் பாட்டு கேட்டது, திரை கறுப்பாகவே இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். ஒலி கேட்கிறது என்றால், படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் பொதிந்து வைக்கும் கோப்பின் உறையையும் ஒலியின் வகையையும் கைப்பேசி ஏற்றுக்கொண்டுவிட்டது, படத்தின் வகையோ அளவோ மட்டுமே அதற்கு ஒத்துவரவில்லை என்று பொருள். இதுவே படம் ஓடி ஒலி வராமல் இருந்தால் குறை ஒலியில் இருக்கும். கோப்பே திறக்காமல் 'ஆதரிக்கப்படாத வடிவம்' என்று வந்தால் முதலில் உறையைச் சந்தேகிக்க வேண்டும். கைப்பேசி எனக்குப் பாதிப் பதிலைச் சொல்லியிருந்தது. கடையில் கூட்டம் சேர்ந்துவிட்ட அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்காமல், படம், ஒலி இரண்டையும் ஒருசேர மாற்றினேன். படத்தை பழைய கைப்பேசிகளுக்குப் பழக்கமான எச்.263 வகைக்கும், ஒலியை ஏஎம்ஆர் வகைக்கும் கொண்டுபோனேன். அளவை மட்டும் 320க்கு 240 என்றே விட்டிருந்தேன். ffmpeg உடனே மறுத்தது:

```
The specified picture size of 320x240 is not valid for the H.263 codec.
Valid sizes are 128x96, 176x144, 352x288, 704x576, and 1408x1152.
```

எச்.263 காணொலிக் கலந்துரையாடலுக்காக உருவான முறை. அதன் அடிப்படை வடிவத்தில் இந்த ஐந்து அளவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. இவற்றில் பட்டன் கைப்பேசிகள் நம்பிக்கையாக ஓட்டுவது 176க்கு 144. அளவைத் திருத்தி மாற்றியதும் படம் வந்தது, ஒலியும் வந்தது. தாத்தாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "இது அவங்க குரல் மாதிரி இல்லையே தம்பி," என்றார். திரையைப் பார்த்து, "மூஞ்சியும் ஒடுங்கிப் போச்சு," என்றார்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. ஏஎம்ஆர் என்பது தொலைப்பேசி உரையாடலுக்காக அமைந்த ஒலி முறை. ஒலியிலிருந்து நொடிக்கு 8000 மாதிரிகள் மட்டும் எடுத்து, ஒரே தடத்தில், மனிதப் பேச்சை எதிர்பார்த்தே அது இயங்குகிறது. ஒருவர் அமைதியான அறையில் பேசினால் நன்றாகவே இருக்கும். பாட்டோடு பின்னால் நாதஸ்வரமும் தவிலும் சேரும்போது, அது எல்லாவற்றையும் ஒரே பேச்சுக்குள் திணிக்கப் பார்த்து, குரலைக் கரகரப்பாக்கிவிடுகிறது. ஏஏசி அந்தக் கைப்பேசியில் ஓடும் என்பது முதல் முயற்சியிலேயே தெரிந்திருந்தும் நான் அதைக் கைவிட்டிருந்தேன். முகம் ஒடுங்கியதற்குக் காரணம் வேறு. விசிடி தொலைக்காட்சியில் 4க்கு 3 என்ற விகிதத்தில் விரிந்து தெரிவதற்காகப் பதிவானது. கைப்பேசியோ புள்ளிகளை உள்ளபடியே சதுரமாகக் காட்டும். எனவே 176க்கு 144 முழுவதையும் படத்தால் நிரப்பினால் அகலம் குறைந்து தெரியும். படத்தை 176க்கு 132 ஆகச் சுருக்கி, மேலும் கீழும் ஆறு புள்ளி உயரத்துக்குக் கறுப்புப் பட்டை வைத்தால் விகிதம் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விரைவுக்காக, தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் -ss என்பதைக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதுவது என் வழக்கம். அப்படி எழுதினால் ffmpeg நேராக அந்த இடத்துக்குத் தாவும். ஆனால் இந்த .DAT கோப்பில் நேரத்துக்கான அட்டவணை கிடையாது. தாவும் இடம் உத்தேசக் கணக்கில் அமைவதால், பாட்டின் முதல் அடி வெட்டுப்பட்டிருந்தது. கோப்பின் பெயருக்குப் பின்னால் எழுதினால் 31 நிமிடப் படத்தையும் முதலிலிருந்து படித்து வந்து, சரியான நொடியில் தொடங்கும். எங்கள் கணினியில் அது அலுப்பூட்டும் அளவுக்கு மெதுவாக நடந்தது. தாத்தாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, இந்தக் கட்டளையை ஓடவிட்டேன்:

```
ffmpeg -i AVSEQ01.DAT -ss 00:31:20 -t 240 \
 -vf scale=176:132,pad=176:144:0:6 -r 12.5 \
 -c:v h263 -b:v 110k \
 -c:a aac -strict experimental \
 -ar 22050 -ac 1 -b:a 48k out.3gp
```

25 சட்டங்களில் சரியாகப் பாதி 12.5 என்பதால் ஒன்றுவிட்டு ஒன்று மட்டுமே போகும், அசைவு சீராக இருக்கும். 15 என்று வைத்தால் விடுபடும் சட்டங்கள் ஒழுங்கில்லாமல் அமைந்து, நடப்பவர்கள் தத்தித் தத்தி நடப்பதுபோல் தெரியும். -strict experimental என்பது அந்தக் காலத்துப் பதிப்புகளில், ffmpeg தன் சொந்த ஏஏசி ஒலியாக்கியைப் பயன்படுத்த நாம் கொடுக்க வேண்டியிருந்த அனுமதி. பின்னாளில் அந்தத் தேவை போய்விட்டது. படமும் ஒலியுமாக நொடிக்கு 158 கிலோபிட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.2 மெகாபைட், நான்கு நிமிடங்களுக்கு ஐந்து மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. அவருடைய கார்டில் அதற்கு இடம் தாராளமாக இருந்தது.

அதன்பின் தோல்வி வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். சோதனைக்கு முழுப் படத்தையும் மாற்றாமல் -t 20 என்று எழுதி இருபது நொடி மட்டும் எடுத்து, வாடிக்கையாளரின் கைப்பேசியிலேயே ஓட்டிப் பார்ப்பேன். கடைக் கணினியில் ஓடுவது எதற்கும் சாட்சியாகாது, ஏனெனில் கணினி எதையும் ஓட்டிவிடும். கைப்பேசியின் பதிலை ஒரு நோட்டில் மாடல் எண்ணோடு எழுதி வைத்தேன். வேலையை விடும்போது இரண்டு நோட்டுகள் நிறைந்திருந்தன. அடுத்து வந்த பையனிடம் அவற்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இத்தனை ஆண்டுகளில் ffmpeg என்னைத் திணறடித்ததும் உண்டு. ஏஎம்ஆர் ஆக்கும் பகுதி எல்லாத் தொகுப்புகளிலும் இருப்பதில்லை. ஒருமுறை புதிய பதிப்பை இறக்கி வைத்த மறுநாள் Unknown encoder என்று வந்து நின்றது. அன்றிலிருந்து பழைய பதிப்பை அழிக்காமல், புதியதில் `ffmpeg -encoders` பட்டியலைப் பார்த்த பிறகே மாற்றினேன். இருட்டான மண்டபத்தில் எடுத்த படம் 110 கிலோபிட்டில் கட்டம் கட்டமாகச் சிதையும். அதற்கு எந்தக் கட்டளையும் முழு மருந்தாகாது. நொடிக்கான அளவை 200 கிலோபிட்டுக்கு உயர்த்தலாம், ஆனால் சில கைப்பேசிகள் அதற்கே திணறி, ஒலி முன்னே போகப் படம் பின்தங்கும். அந்த நிலையில் வாடிக்கையாளரிடம் இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று அவரையே கேட்டுவிடுவேன்.

அன்று தாத்தா பாட்டை முழுவதும் கேட்டார். பிறகு கைப்பேசியை என்னிடமே நீட்டி, வீட்டுக்குப் போனால் இதை எப்படித் தேடி எடுப்பது என்று கேட்டார். பட்டியலில் out.3gp என்று ஆங்கில எழுத்தில் இருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன், அந்தக் கைப்பேசி வெறும் கட்டங்களைக் காட்டியது. "நம்பர் தெரியும் தம்பி," என்றார். கோப்பின் பெயரை 1.3gp என்று மாற்றினேன். அது பட்டியலின் முதல் வரிக்கு வந்து நின்றது. அவரே நான்கு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.