‘இன்வொய்ஸ் வரவேயில்லை’: புது மெயிலா, பழைய மெயிலைத் திருப்பி அனுப்புவதா?

செப்டெம்பர் 9ஆம் திகதி காலையில், இங்கே யாழ்ப்பாணத்திலேயே உள்ள ஒரு விடுதியின் கணக்குப் பிரிவுக்கு போன் எடுத்தேன். பில் புத்தகமும் மெனு அட்டையும் அச்சடித்துக் கொடுத்த வகையில் 184,500 ரூபா வரவேண்டி இருந்தது. தவணை 30 நாள். ஓகஸ்ட் 4ஆம் திகதி இன்வொய்ஸை ஈமெயிலில் அனுப்பியிருந்தேன், ஆகவே செப்டெம்பர் 3இல் காசு வந்திருக்க வேண்டும். மறுமுனையில் இருந்த தங்கச்சி அமைதியாகச் சொன்னார்: “அண்ணா, அந்த இன்வொய்ஸ் எங்களுக்கு வரவேயில்லையே. திரும்ப ஒருக்கா அனுப்புங்கோ, இண்டைக்கே என்டர் பண்ணுறன்.”

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் “இண்டைக்கே என்டர் பண்ணுறன்” என்பதுதான் என்னை உறுத்தியது. செப்டெம்பர் 9இல் அவர்களுடைய புத்தகத்தில் ஏறினால் 30 நாளும் அன்றிலிருந்துதான் ஓடும். ஒக்டோபர் 9இல் காசு வரும். மாத நடுவில் தாள் வியாபாரிக்கு நான் கட்டவேண்டிய காசை எங்கே தேடுவது?

அன்று எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டையும் இந்தத் தொழிலில் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன். இப்போது நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

முதல் வழி, புது மெயில் எழுதி PDF ஐ இணைத்து அனுப்பிவிடுவது. ஒரு நிமிட வேலை. வாடிக்கையாளரும் நிம்மதி, நாமும் நிம்மதி. சிறிய தொகை, நல்ல பழக்கம், தவணை இன்னும் முடியவில்லை என்றால் இதுவே போதும். நானும் அப்படித்தான் செய்வேன். சிக்கல் என்னவென்றால், புது மெயிலில் புதுத் திகதிதான் இருக்கும். ஓகஸ்ட் 4இல் ஒன்று அனுப்பினேன் என்பதற்கு அதில் அடையாளமே இல்லை. ‘மீண்டும் இணைத்துள்ளேன்’ என்று எழுதினாலும் அது நம்முடைய வாய்ச்சொல் மட்டும்தான்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். பில் போடும் மென்பொருளில் திரும்ப PDF எடுக்கும்போது சிலர் திகதியை அன்றைய திகதிக்கு மாற்றிவிடுவார்கள், சிலர் புது இலக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். பழைய மெயில் பிறகு எங்காவது கிடைத்துவிட்டால், ஒரே வேலைக்கு அவர்களிடம் இரண்டு இலக்கத்தில் இரண்டு இன்வொய்ஸ் இருக்கும். இரண்டையும் கட்டிவிடுவார்கள், அல்லது எது சரியென்று தெரியும்வரை இரண்டையும் நிறுத்திவைப்பார்கள். எனக்கு நடந்தது இரண்டாவது. அதைத் தீர்க்க ஒரு இன்வொய்ஸை ரத்துச் செய்து கடிதம் கொடுக்க வேண்டியதாயிற்று. வற் பதிவு உள்ள வியாபாரம் என்றால் கணக்காளரிடமும் பேச்சு வாங்கவேண்டி வரும். எந்த வழியில் அனுப்பினாலும் சரி, இலக்கமும் திகதியும் பழையதுதான், முதல் நாள் அனுப்பிய அதே பைல்தான்.

இரண்டாவது வழி, Sent இல் கிடக்கும் பழைய மெயிலைத் தேடியெடுத்து, அதையே Forward செய்வது. மேலே நாலு வரி புதிதாக எழுதலாம். கீழே பழைய மெயில், அதன் திகதி, நேரம், பெறுநர் முகவரி எல்லாம் அப்படியே தெரியும். முகவரியில் ஒரு எழுத்துப் பிழைத்திருந்தாலும் அங்கேயே பிடிபடும், ஆகவே வாடிக்கையாளரைக் கேட்க முதல் அதைத்தான் நான் பார்ப்பது. பிழையான முகவரிக்குப் போயிருந்தால் தவறு நம்முடையது. பிறகு திகதியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது.

இதில் ஒன்றை நான் நெடுங்காலம் தவறாக நினைத்திருந்தேன். Sent இல் இருந்தால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்கள் மெயிலை ஒரு பாதையால் அனுப்பும், அதன் பிரதியை இன்னொரு பாதையால் Sent இல் போடும். பிரதி அங்கே இருப்பதற்கும் மெயில் மறுபக்கம் சேர்வதற்கும் சம்பந்தம் இல்லை. Forward இன் கீழே தெரியும் திகதியும் யாரும் தட்டி மாற்றக்கூடிய வெறும் எழுத்துத்தான். விவரமான கணக்காளர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால் என்ன சொல்வது?

அதற்கு உதவுவது சேவரின் பதிவு. என்னுடைய மெயில் சொந்த டொமைனில், ஒரு ஹோஸ்டிங் கம்பனியின் cPanel இல் ஓடுகிறது. அனுப்பிய மெயிலுக்கு என்ன நடந்தது என்று பார்க்க அதில் Track Delivery என்று ஒன்று உண்டு. ஆனால் 36 நாளுக்கு முன் அனுப்பிய அந்த மெயிலை அது காட்டவில்லை. ஹோஸ்டிங்காரருக்கு எழுதிக் கேட்டேன், அரை மணித்தியாலத்தில் பழைய பதிவிலிருந்து இந்த மாதிரி ஒரு வரியை எடுத்துத் தந்தார்கள் (முகவரியை மாற்றியிருக்கிறேன், வரியையும் சுருக்கியிருக்கிறேன்):

```
2025-08-04 10:42:17 => accounts@example.lk
  H=mx.example.lk C="250 2.0.0 Ok: queued as 4F1C2A"
```

இதில் முக்கியமானது 250. மறுபக்கத்துச் சேவர் “மெயிலை ஏற்றுக்கொண்டேன்” என்று சொல்லும் பதில் அது. அதற்குப் பின்னால் வரும் 4F1C2A என்பது அவர்களுடைய சேவரே அந்த மெயிலுக்குக் கொடுத்த இலக்கம். அதை நான் உருவாக்க முடியாது. அவர்களுடைய கொம்பியூட்டர்காரர் தங்கள் பக்கத்துப் பதிவில் அதே இலக்கத்தைத் தேடினால், மெயில் எங்கே போனது என்று தெரிந்துவிடும். 250க்குப் பதிலாக 550 என்று தொடங்கும் பதில் இருந்தால் மெயில் மறுக்கப்பட்டது என்று அர்த்தம். அப்போது Mailer-Daemon பெயரில் நமக்கு ஒரு மெயில் திரும்பி வந்திருக்கும். அதை நாம்தான் பார்க்காமல் விட்டிருப்போம்.

ஆனால் 250 என்பதை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. விடுதியின் வாசல் காவலாளி பொதியை வாங்கிக் கையெழுத்து வைத்தமாதிரித்தான் அது. பொதி உள்ளே எந்த மேசைக்குப் போனது, யாராவது பிரித்தார்களா என்று அது சொல்லாது. ஆகவே மெயிலில் ‘உங்களுக்குக் கிடைத்துவிட்டது’ என்று எழுதினால் சண்டை வரும். நான் எழுதியது இது:

> வணக்கம். நீங்கள் கேட்ட இன்வொய்ஸ் (இல. 1187, 04.08.2025, ரூபா 184,500) இத்துடன் உள்ளது. இது முன்பு அனுப்பிய அதே இன்வொய்ஸ், புதிய இலக்கம் இல்லை. முதல் மெயில் கீழே அப்படியே இருக்கிறது.
>
> ஓகஸ்ட் 4 காலை 10.42க்கு உங்கள் மெயில் சேவர் அதை ஏற்றுக்கொண்டதாக எங்கள் பதிவில் உள்ளது (உங்கள் பக்கத்து இலக்கம் 4F1C2A). அதன்பின் Junk இற்குள் போயிருக்கலாம். உங்கள் தொழில்நுட்பப் பிரிவு இந்த இலக்கத்தை வைத்துத் தேடிப் பார்க்க முடியுமா?
>
> இன்வொய்ஸ் கிடைத்ததும் ஒரு வரி பதில் போடுங்கள். தவணையை 04.08.2025இல் இருந்து கணக்கிட்டு, எப்போது கட்டமுடியும் என்பதையும் அறியத்தாருங்கள்.

கடைசிப் பந்திதான் எனக்குப் பெறுமதியானது. ஆள் கைப்பட ‘கிடைத்தது’ என்று எழுதும் ஒரு வரிக்கு எந்தச் சேவர் பதிவும் ஈடாகாது. அந்தப் பதிலில் திகதி இருக்கும், ஆளின் பெயர் இருக்கும், இன்வொய்ஸ் இலக்கம் கீழேயே இருக்கும்.

நீங்கள் ஜிமெயிலில் இருந்து அனுப்புபவர் என்றால் இந்த 250 வரி உங்கள் கண்ணில் படாது. Sent இல் உள்ள மெயிலைத் திறந்து Show original போட்டால் Message ID என்று ஒரு நீண்ட எழுத்துக்கோவை வரும். அதைக் கொடுக்கலாம். வாடிக்கையாளரும் ஜிமெயில் என்றால், தேடல் பெட்டியில் `in:anywhere rfc822msgid:` என்று போட்டு அதன் பின்னால் அந்தக் கோவையை ஒட்டினால் போதும், Spam இற்குள் கிடந்தாலும் வரும். Spam இல் 30 நாளுக்கு மேல் கிடந்தவற்றை ஜிமெயில் தானாகவே அழித்துவிடும் என்பதால் பிந்தினால் பிரயோசனம் இல்லை. மைக்ரோசொப்ட் 365இல் message trace என்று இதற்கு ஒன்று உண்டு. நான் அதைப் பாவித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நண்பனின் கடையில், ஆகவே அதைப்பற்றி அதிகம் பேசமாட்டேன்.

வட்ஸ்அப்பில் PDF ஐப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் போட்டேன், மெயிலுக்குப் பிறகு, “மெயில் அனுப்பியிருக்கிறன்” என்று சொல்வதற்காக. இரண்டு சரி அடையாளம் விழுந்தால் போனுக்குச் சேர்ந்தது தெரியும், அவ்வளவு வேகம் மெயிலில் இல்லை. ஆனால் அது அந்தத் தங்கச்சியின் சொந்த போன். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஆதாரமும் அவருடனேயே போய்விடும். நீலமாவதை அவர் நிறுத்தி வைத்திருந்தால் பார்த்தாரா என்றும் தெரியாது. மெயிலில் கேட்கும் read receipt உம் இதேபோலத்தான், பெறுபவர் ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் ஒன்றும் வராது. பதிவுத் தபால் பெரிய தொகைக்கும், முறுகல் முற்றிய இடத்துக்கும்தான். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம், ஒரு ஆவணம் மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது என்கிறது. ஆனால் நான் ஒரு இன்வொய்ஸுக்காகவும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. அந்த இடத்தில் சட்டத்தரணி சொல்வதைக் கேளுங்கள்.

சரி, விடுதிக் கதை. அன்று பின்னேரம் அவர்களுடைய கொம்பியூட்டர்காரத் தம்பியே எடுத்தார். மெயில் Junk இற்குள் இருந்ததாம். ஏன் போனது என்று அவர் பார்த்துச் சொன்னபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. யூலையில் நான் ஹோஸ்டிங் மாற்றியிருந்தேன். டொமைனின் SPF பதிவில் பழைய சேவரின் பெயர்தான் இன்னும் இருந்தது. அதாவது, என் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள சேவர்களின் பட்டியலில் நான் இப்போது பாவிக்கும் சேவரே இல்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் அனுப்பிய வேறு மூன்று இன்வொய்ஸும் அப்படியே Junk இற்குள் போயிருக்க வேண்டும். உங்களுக்கும் இப்படி இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் மெயிலிலிருந்து யாராவது ஒருவரின் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அங்கே Show original போட்டுப் பாருங்கள். SPF இற்கு எதிரே PASS என்று இருக்கவேண்டும். எனக்கு SOFTFAIL.

பிழை பாதி என்னுடையது என்று தெரிந்தபிறகு ஓகஸ்ட் 4 என்று அடம்பிடிக்க மனம் வரவில்லை. அவர்களும் ஒக்டோபர் 9 என்று நிற்கவில்லை. செப்டெம்பர் 17இல் காசு வந்தது. புது மெயில் மட்டும் அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சே நடந்திராது, SPF பிழையும் இன்றுவரை அப்படியே கிடந்திருக்கும். மற்ற மூன்று பேருக்கும் அன்று இரவே பழைய மெயில்களை Forward செய்தேன். பெரிய தொகை இன்வொய்ஸ் என்றால் இப்போது அனுப்பிய அன்றே Track Delivery வரியை எடுத்து அந்த இன்வொய்ஸ் கிடக்கும் போல்டரிலேயே போட்டுவைக்கிறேன்.