முன்னாள் ஊழியரைப் பற்றிக் கேட்டால்: தேதி மட்டுமா, காரணமும் சேர்த்தா?

உங்களிடம் வேலை பார்த்த கேஷியர் ஒருவரைப் பற்றி, அவரை வேலைக்கு எடுக்கப்போகும் நிறுவனத்துக்காக வெரிஃபிகேஷன் ஏஜென்சி மின்னஞ்சலில் கேட்கிறது என்று வையுங்கள். கல்லாவில் 18,000 ரூபாய் குறைந்தது, விசாரணை தொடங்கியது, அது முடியும் முன்பே அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

முதல் வழி: "2021 ஜூன் முதல் 2024 மார்ச் வரை காசாளராக இருந்தார். யாரைப் பற்றிக் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்கிறோம்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால் உங்கள் மௌனமே புகாராகப் படிக்கப்படும். ஆனால் போன வாரம் இன்னொருவரை நாலு வரி பாராட்டி எழுதியிருந்தால் அந்த வாக்கியமே பொய்.

இரண்டாவது வழி: "அவராகவே ராஜினாமா செய்தார். அப்போது பணக் குறைவு பற்றிய உள்விசாரணை நிலுவையில் இருந்தது, யார் பொறுப்பு என்று முடிவு எட்டப்படவில்லை." இதிலும் கடைசிப் பகுதியை வெட்டினால் குற்றச்சாட்டாகிவிடும். "பணத்தை எடுத்தார்" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவில், நல்லெண்ணத்தோடு பிறர் நலனைக் காக்கச் சொன்னதற்கு விலக்கு உண்டுதான், ஆனால் அந்த நல்லெண்ணத்தைக் காட்ட வேண்டியது நீங்கள், விசாரணைக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

கோப்பு அரைகுறையாக இருந்தால் நான் முதல் வழிக்குத்தான் போவேன். "நேர்மையானவர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதை நம்பி வேலைக்கு எடுப்பவர் நாளை உங்களைத்தான் கேட்பார். அப்புறம், ஏஜென்சிக்காரர் போனில் "சும்மா சொல்லுங்க சார்" என்பார், அவருக்கும் அதே மின்னஞ்சல்தான் பதில்.