அட்சய திருதியை சலுகையா, சாதாரண நாள் பேரமா?

புதுச்சேரி நேரு வீதி நகைக்கடைகளில் அட்சய திருதியைக்கு 'கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி' என்று பலகை தொங்கும். அதே ஒரு பவுன் செயினைச் சாதாரண நாளில் வாங்கினால் என்ன ஆகும்? கணக்குக்காக இரண்டு நாளும் கிராம் 9,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

திருதியை அன்று தள்ளுபடி போக 8 கிராமுக்கு 71,200. சேதாரம் 16 சதவீதம் போட்டால் 11,392. மூன்று சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 85,070. சாதாரண நாளில் தங்கம் 72,000. கூட்டமில்லாத மதியத்தில் பேசிச் சேதாரத்தை 12 சதவீதமாகக் குறைத்தால் 8,640. ஜிஎஸ்டியோடு 83,059. தள்ளுபடியே இல்லாத பில் 2,000 ரூபாய் குறைவு!

அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் கையில் இருப்பது சேதாரமும் செய்கூலியும். அதனால் ஒரு வாரம் முன்பே போய், பிடித்த நகைக்கு எடை, சேதாரம், செய்கூலி பிரித்து எழுதிய எஸ்டிமேட் சீட்டு வாங்கி வையுங்கள். திருதியை அன்று அதே நகைக்குச் சேதாரம் ஏறாமல் கிராம் விலை மட்டும் குறைந்திருந்தால் அது உண்மையான தள்ளுபடி, தாராளமாக வாங்கலாம். 'சேதாரத்தில் பாதி தள்ளுபடி' என்றாலும் எதில் பாதி என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும்.

முன்பதிவு மட்டும் வேறு ரகம். பதிவு செய்த நாள் விலை, வாங்கும் நாள் விலை இரண்டில் குறைந்ததை எடுப்பதாக எழுதிக் கொடுத்தால் விலை ஏறும்போது நிஜமாகவே லாபம். சேதார சதவீதத்தையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.