இரண்டு வீட்டுக் கடன் கடிதங்கள்: மூன்று வருடத்துக்குப் பிறகு எது மலிவு?

மச்சான் சேலம் அயோத்தியாப்பட்டணத்தில் வீடு கட்டுகிறார். 30 லட்சம் கடன், 20 வருடம். அஞ்சு ரோடு பக்கம் ஒரு வங்கியும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வங்கியும் சாங்ஷன் லெட்டர் கொடுத்துவிட்டன. "செவ்வாய்ப்பேட்டைக்காரங்க ப்ராசஸிங் ஃபீஸே வேண்டாங்கறாங்க மாப்ள, வட்டியும் கம்மி" என்று அவர் ஏறக்குறைய முடிவே செய்திருந்தார்.

முதல் பார்வைக்கு அவர் சொல்வது சரிதான். அஞ்சு ரோடு கடிதத்தில் வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங்: ரெப்போ 5.25, அதன்மேல் வங்கியின் ஸ்ப்ரெட் 2.50, ஆக 7.75 சதவீதம். மாதத் தவணை 24,628 ரூபாய். ப்ராசஸிங் ஃபீஸ் 0.35 சதவீதம், அதாவது 10,500. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 12,390. செவ்வாய்ப்பேட்டையில் ஃபீஸ் இல்லை, வட்டி 7.50, தவணை 24,168. மாதம் 460 ரூபாய் மிச்சம்.

ரெப்போ மாறாது என்று வைத்து மூன்று வருடக் கணக்கு போட்டால் செவ்வாய்ப்பேட்டைக்கு வட்டியில் சுமார் 22,000, ஃபீஸில் 12,000, ஆக 34,000 ரூபாய்க்கு மேல் லாபம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைக்கும் எம்.ஓ.டி. பதிவுச் செலவு இரண்டுக்கும் பொது என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஆனால் இரண்டாவது கடிதத்தில் வட்டி வகை என்ற இடத்தில் 'ஹைபிரிட்' என்று இருந்தது. 7.50 முதல் 36 மாதத்துக்கு மட்டும் ஃபிக்ஸட். அதன்பின் ரெப்போவுடன் 3.25 ஸ்ப்ரெட். ரெப்போ அப்படியே இருந்தால் 37-ஆம் மாதத்தில் வட்டி 8.50 ஆகிவிடும். அப்போது பாக்கி அசல் சுமார் 27.8 லட்சம். முக்கால் சதவீத வித்தியாசம் முதல் வருடத்திலேயே 20,000-க்கு மேல். முன்னால் கிடைத்த 34,000 இரண்டு வருடத்துக்குள் கரைந்துவிடும். மிச்சம் 15 வருடம் கூடுதல் வட்டிதான். அதன்பின் ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு கடிதத்துக்கும் ஒரே மாதிரிதான் நகரும். ஆகவே கடைசிவரை கூட வருவது ஸ்ப்ரெட்தான், ஆரம்ப வட்டி அல்ல. ஏனோ அதைத்தான் கவுன்டரில் யாரும் வாயால் சொல்வதில்லை.

அடுத்தது முன்கூட்டிக் கட்டுவது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் குடும்பக் காப்பித் தோட்டம் விற்றால் ஒன்றரை வருடத்தில் 10 லட்சம் வரும், அதை அப்படியே கடனில் போடுவேன் என்கிறார் மச்சான். ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களில், தனிநபர் தொழிலுக்காக இல்லாமல் வாங்கிய ஃப்ளோட்டிங் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு முன்கட்டணம் என்று எதுவும் வாங்கக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கக் கூடாது. அஞ்சு ரோடில் 10 லட்சத்தை ஒரு பைசா கூடுதல் இல்லாமல் கட்டலாம். ஹைபிரிட் கடனில், கட்டும் நாளில் வட்டி எந்த வகையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 18-ஆம் மாதம் இன்னும் ஃபிக்ஸட் காலம். கடிதத்தில் 2 சதவீதம் என்று இருக்கிறது: 20,000, ஜி.எஸ்.டி. 3,600, ஆக 23,600.

இதையும் சேர்த்தால் கதை மாறுகிறது. 10 லட்சம் கட்டியபின் பாக்கி குறைவதால் வட்டி மிச்சமும் குறையும். மூன்று வருட முடிவில் செவ்வாய்ப்பேட்டையின் லாபம் ஏழாயிரம் சொச்சத்துக்கு வந்து நிற்கும். ஸ்ப்ரெட் ஏறிய ஏழெட்டு மாதத்தில் அதுவும் போய்விடும்.

"37-ஆம் மாசம் வேற வங்கிக்கு மாத்திக்கறேன்" என்றார். மாற்றலாம். அப்போது ஃப்ளோட்டிங் ஆகியிருக்கும், முன்கட்டணம் கிடையாது. ஆனால் புது வங்கியில் மறுபடியும் ப்ராசஸிங் ஃபீஸ், மறுபடியும் சட்ட ஆலோசனை, எம்.ஓ.டி. ரத்து, புது எம்.ஓ.டி. ஏழாயிரம் அதற்குக் காணாது. தோட்டப் பணம் வராது, முன்னால் கட்டும் எண்ணமும் இல்லை என்பவருக்கு வேண்டுமானால் மூன்று வருடம் அனுபவித்துவிட்டு மாறுவது கொஞ்சம் ஒத்துவரும்.

இதெல்லாம் கடிதத்தோடு வரும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் புதிய தனிநபர் கடன்களுக்கு அது கட்டாயம்; வட்டி வகை, ஸ்ப்ரெட், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வட்டி மாறும் என்ற ரீசெட் காலம், முன்கட்டணம் எல்லாம் அதில் தனித்தனி வரி. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிற்பாடு போட முடியாது. மச்சான் அதைத்தான் பிரிக்காமல் வைத்திருந்தார்.

இப்போது அவர் செவ்வாய்ப்பேட்டை மேலாளரிடம் ஒன்று கேட்கப் போகிறார்: 3.25 என்பதை 2.50 ஆக்கி புதுக் கடிதம் தர முடியுமா? தந்தால் அங்கே, 18-ஆம் மாத அபராதத்தைக் கழித்தாலும் ஏழாயிரம் கையில் நிற்கும். "பிறகு பார்த்துக்கலாம் சார்" என்று வாய்ப்பேச்சு வந்தால் அஞ்சு ரோடு.